ஜிப் தூத்துக்குடியில், ரிலீஸ் நிங்போவில்

2026-ஆம் ஆண்டின் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17. அரசு அறிவித்த விடுமுறை 15 முதல் 23 வரை, ஒன்பது நாள். காகிதத்தில் அவ்வளவுதான். செஜியாங், குவாங்டோங் போன்ற கடலோர மாகாணங்களின் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களில் நிறையப் பேர் உள்மாகாணங்களிலிருந்து வந்தவர்கள். ரயில் டிக்கெட் என்றைக்குக் கிடைக்கிறதோ அன்றைக்கே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அதனால் புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்பே மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓயும்; பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழா முடிந்த பிறகுதான் முழு வேகம் திரும்பும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊரே காலியாவதைப் பார்த்துப் பழகிய திருப்பூர்க்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தொழிற்சாலை மூடுவதை எல்லோரும் முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். டிசம்பரிலேயே ஆர்டர் போட்டு, ஜனவரிக்குள் சரக்கைக் கப்பலேற்றச் சொல்கிறார்கள். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது வேறோர் இடத்தில். சரக்கு தயாராகிக் கப்பலேறிக் கடலில் வந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கம் நம் ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள் லீவில் போயிருப்பார். பெரிய நிறுவனங்களில் அவரை அக்கவுண்ட் மேனேஜர் என்பார்கள். சீன ஏற்றுமதி நிறுவனங்களில் பெரும்பாலும் வெறும் ‘சேல்ஸ்’. நம் ஆட்களோடு பேசுவதற்கு வசதியாக ஜென்னி, கெவின் என்று ஓர் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டிருப்பார். விலை பேசியது அவர், சாம்பிள் அனுப்பியது அவர், கப்பல் தேதி சொன்னதும் அவர். அவருடைய முழுச் சீனப் பெயரோ, அவருடைய மேலதிகாரி யார் என்பதோ நம் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அவர் இல்லாத நாளில் யாரிடம் கேட்பது என்பதைச் சப்ளையரிடமிருந்து எழுத்தில் வாங்கி வைப்பது சின்ன வேலைதான். ஆனால் வாங்கும்போது பெரும்பாலோர் ஒரு பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்தியாகிவிடுகிறார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவரால் என்ன செய்ய முடியும் என்று கேட்பதில்லை. அது எங்கே இடிக்கும் என்று பார்க்க ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆர்டர்தான், ஆனால் இதன் ஒவ்வொரு படியும் இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது.

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனம். ஐரோப்பியப் பையருக்கு 24,000 ஜிப் வைத்த ஹூடிகள். ஜிப்பை எந்த நிறுவனத்திடம் வாங்க வேண்டும் என்று பையரே சொல்லிவிட்டார். அது நிங்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சப்ளையர். தையலில் வீணாவதற்கு மூன்று சதவீதம் கூட்டி 24,720 ஜிப். ஒன்று 25 சென்ட் என்று வைத்தால் 6,180 டாலர். முப்பது சதவீதம் முன்பணம், மீதி எழுபது சதவீதம் பி.எல். நகலைப் பார்த்த பிறகு. பி.எல். என்பது பில் ஆஃப் லேடிங். சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் தரப்பு கொடுக்கும் சீட்டு. அசல் சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் சரக்கு. மொத்தமே அறுநூறு கிலோவைச் சுற்றித்தான் என்பதால் தனிக் கன்டெய்னர் கிடையாது. பலருடைய சரக்கோடு சேர்த்து ஒரு ஃபார்வர்டர் ஏற்றுகிறார்.

ஜனவரி 28 அன்று கப்பல் நிங்போவை விட்டது. கொழும்பில் மாறி, பிப்ரவரி 20 வாக்கில் தூத்துக்குடிக்கு வரும். பி.எல். நகல் 30-ஆம் தேதி மெயிலில் வந்தது. மீதிப் பணம் 4,326 டாலரைப் பிப்ரவரி 6, வெள்ளிக்கிழமை, திருப்பூர் வங்கி அனுப்பியது. சப்ளையர் கணக்கில் அது ஏறியது அடுத்த வாரம். அதற்குள் ஜென்னி ஊருக்குப் போய்விட்டார்.

இங்கேதான் முடிச்சு. அசல் பி.எல்.லைக் கூரியரில் அனுப்பி, அது நம் கைக்கு வந்து, அதை ஃபார்வர்டரின் இந்திய அலுவலகத்தில் கொடுத்துச் சரக்கை எடுப்பது பழைய முறை. இந்த மாதிரி சின்னச் சரக்குகளுக்கு இப்போது பெரும்பாலும் டெலக்ஸ் ரிலீஸ்தான். டெலக்ஸ் இயந்திரமெல்லாம் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சப்ளையர் அசலை ஏற்றுமதித் துறைமுகத்திலேயே ஒப்படைத்து, ‘பணம் வந்துவிட்டது, சரக்கை விடலாம்’ என்று ஃபார்வர்டருக்கு எழுதுவார். ஃபார்வர்டரின் நிங்போ அலுவலகம் தூத்துக்குடியில் இருக்கும் தன் ஏஜென்டுக்குச் செய்தி அனுப்பும். அந்தச் செய்தி வந்தால்தான் இங்கே டெலிவரி ஆர்டர், அதாவது டி.ஓ., கொடுப்பார்கள். டி.ஓ. இல்லாமல் குடோன் கதவு திறக்காது.

ஆக, சப்ளையர் பக்கத்தில் மூன்று காரியம் நடக்க வேண்டும். பணம் வந்ததை அக்கவுண்ட்ஸில் ஒருவர் பார்க்க வேண்டும். பார்த்ததை இந்த ஆர்டருக்கு உரியது என்று ஒருவர் அடையாளம் சொல்ல வேண்டும். பிறகு ஒருவர் ரிலீஸ் கடிதம் எழுத வேண்டும். ஜென்னி இருந்தால் மூன்றுக்கும் நடுவில் அவர்தான் ஓடுவார். அவர் இல்லையென்றால் அக்கவுண்ட்ஸுக்குப் பணம் வந்தது தெரியும், எந்த ஆர்டருக்கு என்று தெரியாது. ஷிப்பிங் ஆளுக்கு ஆர்டர் தெரியும், பணம் வந்தது தெரியாது.

பிப்ரவரி 23 அன்று தூத்துக்குடி கிளியரிங் ஏஜென்ட் திருப்பூர் மெர்ச்சண்டைசருக்குப் போன் செய்கிறார்.

“பில் ஆஃப் என்ட்ரி எல்லாம் முடிஞ்சிருச்சு மேடம். டி.ஓ. தான் வாங்க முடியல. ஃபார்வர்டர் ஆபீஸ்ல ரிலீஸ் மெசேஜே வரலைங்கறாங்க.”

“பணம் அனுப்பி ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சுங்களே அண்ணா!”

“பணம் போனது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அங்கே இருந்து ஒரு வரி மெயில் வரணும். அந்த லேடிய பிடிங்க.”

அந்த லேடியின் வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக். அது அவருடைய வேலை நம்பராக இருந்தால் போனை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போயிருப்பார். வீசாட்டில் பிடிக்கலாமென்றால், 2020 ஜூன் இறுதியில் இந்தியா தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. சீனாவில் அலுவலகப் பேச்சு முழுக்க வீசாட்டில்தான் ஓடுகிறது. இந்திய வாடிக்கையாளருக்காக மட்டும் தனியாக வாட்ஸ்அப் வைத்திருப்பார்கள்; பண்டிகை நாளில் அதைத் திறந்து பார்க்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. மெயில் அனுப்பினால் அது ஜென்னியின் பெட்டிக்கு மட்டும் போகிறது. இவ்வளவு பெரிய நிறுவனத்தில் யாரோ ஒருவர் வேலையில் இருப்பார்தான். யாரென்றுதான் தெரியவில்லை.

சுங்கத்தில் இப்போது சரக்கு வருவதற்கு முன்பே காகிதம் போய்விட வேண்டும். 2021 நிதிச் சட்டத்தின்படி, கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாக வேண்டும். இலங்கை, வங்கதேசம் போன்ற பக்கத்து நாடுகளிலிருந்து கப்பலில் வருவதற்கு மட்டும் கொஞ்சம் சலுகை. தாமதித்தால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். நம் கதையில் இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் ஒழுங்காக இருந்ததால் இது தப்பியது. பேக்கிங் லிஸ்ட்டில் அட்டைப்பெட்டி எண்ணிக்கை ஒன்று, பி.எல்.லில் வேறொன்று என்று இருந்திருந்தால், திருத்தின காகிதம் கேட்கவும் அதே ஜென்னிதான் வேண்டும். அப்போது குடோன் வாடகையோடு இந்தத் தண்டமும் சேரும்.

ஆனால் உண்மையான செலவு வாடகையிலும் தண்டத்திலும் இல்லை. ஹூடி தையல் பிப்ரவரி 25-இல் தொடங்க வேண்டும். ஜிப் இல்லாமல் முன்பக்கம் மூட முடியாது. லைன் பத்து நாள் தள்ளிப்போனால் ஐரோப்பாவுக்கான கப்பல் தவறும். தேதி தவறினால் விமானத்தில் அனுப்பு, செலவு உன்னுடையது என்பார் பையர். ஹூடி ஒன்று அரை கிலோ என்று வைத்தால் 24,000-க்குப் பன்னிரண்டு டன். கணக்குக்காகக் கிலோவுக்கு 250 ரூபாய் விமானக் கட்டணம் என்று எடுத்தாலே முப்பது லட்சம். டாலர் 85 ரூபாய் என்றால், தேங்கிக் கிடக்கும் ஜிப்பின் மொத்த விலை ஐந்தேகால் லட்சம்.

ஜென்னி அலட்சியமானவர் என்று எனக்குத் தோன்றவில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறவர் போனைத் தூக்கி வைத்துவிட்டு இருப்பது அவருடைய உரிமை. தான் இல்லாதபோது யார் என்று அவராகச் சொல்லாமல் போனது அவருடைய நிறுவனத்தின் பழக்கக்குறை. அதைக் கேட்டு வாங்காதது இந்தப் பக்கத்துக் குறை. கேட்பதற்கு நேரம் டிசம்பரிலேயே இருந்தது.

எப்போது கேட்பது என்றால், ஆர்டர் உறுதியாகும் அன்றைக்கு. சப்ளையர் புரோஃபார்மா இன்வாய்ஸ் அனுப்புவார் இல்லையா, அதைச் சரிபார்த்துப் பதில் எழுதும் மெயிலில். முன்பணம் இன்னும் போகவில்லை. அந்தப் பக்கம் எல்லோரும் உற்சாகமாகப் பதில் போடும் நேரம் அது. பிப்ரவரி முதல் வாரத்தில் கேட்டால் ‘ஓகே ஓகே, நோ ப்ராப்ளம்’ என்று ஒரு பதில் வரும், பெயர் வராது. சீனப் புத்தாண்டுக்கு அடுத்தபடியாக அக்டோபர் முதல் வாரத்துத் தேசிய தின விடுமுறைக்கும் இது பொருந்தும். இத்தாலியில் இயந்திரம், உதிரிபாகம் வாங்குகிறவர்களுக்கு ஆகஸ்ட்.

என்ன கேட்பது என்பதில்தான் கொஞ்சம் யோசனை வேண்டும். ‘உங்களுக்குப் பதிலாக யார்?’ என்று மட்டும் கேட்டால் ஒரு பெயரும் நம்பரும் வரும். அது பெரும்பாலும் பக்கத்து மேஜையில் இருக்கும் இன்னொரு சேல்ஸ் ஆளுடையதாக இருக்கும். நம் ஆர்டர் எண் அவருக்குத் தெரியாது, ஷிப்பிங் ஃபோல்டரைத் திறக்க அனுமதி இருக்காது. போன் செய்தால் மரியாதையாகப் பேசுவார், ‘ஜென்னி வந்ததும் சொல்கிறேன்’ என்பார். அதோடு அவருடைய வேலை முடிந்தது. தவிர, அவரும் அதே பண்டிகைக்கு அதே நாளில் ஊருக்குப் போகிறவராகவே இருப்பார். ஒரே பிரிவில் இருவர் என்றால் லீவும் ஒன்றாகத்தான் வரும்.

ஆகவே பெயரோடு சேர்த்து அந்த ஆளின் அதிகாரத்தையும் கேட்க வேண்டும். பி.எல். நகலும் திருத்தின இன்வாய்ஸும் அவரால் அனுப்ப முடியுமா? நம் பணம் வந்துவிட்டதா என்று அக்கவுண்ட்ஸில் கேட்டு உறுதிப்படுத்த முடியுமா? ரிலீஸ் கடிதத்தில் கையெழுத்திடவோ, கையெழுத்து வாங்கவோ முடியுமா? இந்த மூன்றில் கடைசியானதுதான் உயிர். ஆர்டர் நிலவரம் தாமதமாகத் தெரிந்தால் மனவருத்தம். ரிலீஸ் தாமதமானால் பணம். சேல்ஸ் பிரிவில் இதைச் செய்யக்கூடியவர் இல்லையென்றால், ஷிப்பிங் டாக்குமென்ட்ஸ் பார்க்கும் ஊழியரின் பெயர்தான் நமக்கு வேண்டும். சின்ன நிறுவனங்களில் முதலாளியின் பெயர். பல சீனக் குடும்ப நிறுவனங்களில் கணக்கைப் பார்ப்பது முதலாளியின் மனைவி. ஊரே அடைத்திருந்தாலும் அவர் கையில் போன் இருக்கும் என்று இறக்குமதி செய்கிறவர்கள் சொல்வதுண்டு.

இதற்கு அடுத்தது நேரம். சீனா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. அவர்களுடைய காலை ஒன்பது முதல் மாலை ஆறு என்பது நமக்கு ஆறரை முதல் மூன்றரை. திருப்பூரில் காலை பத்து மணிக்கு மெயில் திறப்பவருக்கு ஐந்தரை மணி நேரம்தான் கிடைக்கிறது, அதிலும் நடுவே அவர்களுடைய மதிய உணவு வருகிறது. மாற்று ஆள் பண்டிகை நாட்களில் காலையில் மட்டும் மெயில் பார்ப்பார் என்றால் அதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது; மதியம் மூன்று மணிக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் ஒரு நாள் முழுதாகப் போகும்.

இவ்வளவு நியாயமான கேள்விக்கு ஏன் நேரான பதில் வருவதில்லை? காரணம் பெரும்பாலும் கமிஷன். சேல்ஸ் ஆட்களுக்கு அடிப்படைச் சம்பளம் குறைவு. தன் வாடிக்கையாளர் வாங்குவதில் ஒரு பங்குதான் வருமானம். சக ஊழியரின் பெயரைக் கொடுத்தால் வாடிக்கையாளர் அவர் பக்கம் சாய்ந்துவிடுவாரோ என்ற பயம் இருக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. புத்தாண்டு போனஸை வாங்கிக்கொண்டு வேலை மாறுவது சீனாவில் சகஜம். அப்படி யோசித்துக்கொண்டிருப்பவரிடம் ‘நீங்கள் இல்லாவிட்டால் யார்’ என்று கேட்டால், நாம் எதையோ மோப்பம் பிடித்துவிட்டதாக அவருக்குத் தோன்றலாம். ஆகவே கேட்கும் தொனியிலேயே அந்தப் பயத்தைத் தணித்துவிட வேண்டும். மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் சாரம் இப்படி இருந்தால் போதும்:

“ஜென்னி, இந்த ஆர்டரின் புரோஃபார்மா இன்வாய்ஸைப் பார்த்தோம், சரியாக இருக்கிறது. சரக்கு பிப்ரவரி மூன்றாவது வாரம் தூத்துக்குடி வரும் என்பதால் உங்கள் விடுமுறையில் டெலக்ஸ் ரிலீஸ் தேவைப்படலாம். பிப்ரவரி 9 முதல் மார்ச் 5 வரை நீங்கள் அலுவலகத்தில் இல்லாத நாட்களில், ஷிப்பிங் காகிதங்களையும் ரிலீஸையும் கவனிக்கக்கூடிய ஒருவருடைய பெயர், நிறுவன மெயில் முகவரி, போன் நம்பர், அவர் மெயில் பார்க்கும் நேரம் ஆகியவற்றை அனுப்புங்கள். ரிலீஸ் கடிதம் கொடுக்க அவருக்கு அனுமதி உண்டு என்பதையும் ஒரு வரியில் உறுதி செய்யுங்கள். எல்லா மெயிலிலும் உங்களையும் சேர்த்தே எழுதுவோம். விலை, புது ஆர்டர் எல்லாம் வழக்கம்போல் உங்களிடம் மட்டும்தான்.”

கடைசி இரண்டு வரிகளை மரியாதைக்காக எழுதியது என்று நினைத்து வெட்டிவிட வேண்டாம். பெயர் வருவதே அந்த வரிகளால்தான். முதல் வரிகளில் நாள், துறைமுகம், காரியம் மூன்றும் இருப்பதும் ஒரு காரணத்தோடுதான். ‘அவசரத்துக்கு யாராவது’ என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். எந்த நாளில் எந்தக் காகிதம் தேவைப்படும் என்று சொன்னால், ஜென்னிக்கே தன் அலுவலகத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

இரண்டு முறை கேட்டும் பெயர் வரவில்லை என்றால், அதே மெயிலை நிறுவனத்தின் பொது முகவரிக்கும் பிரதி போட்டு அனுப்பலாம். புரோஃபார்மா இன்வாய்ஸின் மேலேயோ கீழேயோ அந்த முகவரி இருக்கும். ஜென்னியின் தலைக்கு மேல் போனதாக அவர் வருத்தப்படக்கூடும். அந்த வருத்தத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்பது என் கட்சி; முன்பணம் போவதற்கு முன்னால் என்றால் இன்னும் எளிது.

பெயர் வந்துவிட்டது. அதை மெர்ச்சண்டைசரின் போனில் சேமித்துவிட்டு மறந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். இங்கேயும் ஆள் லீவில் போவார். அந்தப் பெயர் ஆர்டர் ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும், கிளியரிங் ஏஜென்டிடமும் இருக்க வேண்டும். பிறகு அந்தப் பெயரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பி.எல். நகல் வந்த மறுநாள், ஜென்னி இன்னும் அலுவலகத்தில் இருக்கும்போதே, மாற்று ஆளுக்கு ஒரு சின்னக் கேள்வி அனுப்பலாம்: இந்த ஆர்டருக்கு எத்தனை அட்டைப்பெட்டி, மொத்த எடை எவ்வளவு? விடை நம்மிடமே பேக்கிங் லிஸ்ட்டில் இருக்கிறது. அவர் ஒரு நாளுக்குள் எண்களோடு பதில் போட்டால் ஃபைல் அவருக்குத் திறக்கிறது என்று அர்த்தம். ‘ஜென்னியைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்றால் வெறும் பெயரைத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். சரிசெய்ய இன்னும் பத்து நாள் கையில் இருக்கிறது. பதிலே வராவிட்டால் முகவரியே தப்பாக இருக்கலாம். அதையும் இப்போது தெரிந்துகொள்வது மேல்.

இங்கே ஒரு ஆபத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வணிக மெயிலுக்குள் புகுந்து பணத்தைத் திருப்பும் மோசடிக்காரர்களுக்கு, வழக்கமான ஆள் லீவில் இருக்கும் நாட்கள் தோதானவை. ‘நான் ஜென்னியின் உதவியாளர். அவர் விடுமுறையில் இருக்கிறார். எங்கள் வங்கிக் கணக்கில் ஆடிட் நடப்பதால் மீதித் தொகையை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்’ என்று ஒரு மெயில் வரும். ஆர்டர் எண் சரியாக இருக்கும், தொகையும் சரியாக இருக்கும். ஏனென்றால் அவர்கள் யாரோ ஒருவருடைய மெயில் பெட்டியை வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருந்தவர்கள். முகவரியில் m இருக்க வேண்டிய இடத்தில் rn இருக்கும். சின்ன எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சில சமயம் முகவரிகூட மாறாது. உண்மையான பெட்டியிலிருந்தே வரும்.

மாற்று ஆளின் பெயரை ஜென்னியிடமிருந்தே, அவர் இருக்கும்போதே வாங்கி வைத்திருந்தால் இந்த மெயிலைப் பார்த்ததும் சந்தேகம் வரும். அந்தப் பெயர் இல்லாத அலுவலகத்தில், லீவு நாளில் யாரோ ஒருவர் பதில் சொல்கிறாரே என்ற நிம்மதியில் பணம் போய்விடும். அதனால் மாற்று ஆளின் அதிகாரத்துக்கு ஒரு எல்லையையும் அதே மெயிலில் போட்டுவிடுவது நல்லது: வங்கிக் கணக்கு விவரம் எதுவும் மெயிலில் மாறாது, மாறுவதாக இருந்தால், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்கு நாமே போன் செய்து குரலைக் கேட்ட பிறகுதான். மெயிலின் அடியில் இருக்கும் நம்பருக்குப் போன் செய்து உறுதிப்படுத்துவதில் பயனில்லை. அது மெயில் அனுப்பியவர் போட்ட நம்பர். லீவு முடியும்வரை காத்திருந்து பணம் அனுப்பினால் பத்து நாள் குடோன் வாடகை ஆகும். கணக்கு சந்தேகமாக இருக்கும் இடத்தில் அந்த வாடகையைக் கட்டிவிடலாம்.

மாற்று ஆளால் ஆகாததும் உண்டு. மூடின தொழிற்சாலையில் அவரால் ஜிப் செய்ய முடியாது. நீளம் தப்பாக வந்துவிட்டது, நிறம் மாறிவிட்டது என்றால் மார்ச் வரை பதில் கிடையாது. அவர் ரிலீஸ் கடிதம் எழுதியே விட்டாலும், அதைப் படித்துச் செய்தி அனுப்ப ஃபார்வர்டரின் நிங்போ அலுவலகத்தில் ஆள் இருக்க வேண்டும். அவர்களுக்கும் அதே புத்தாண்டுதான். பெரிய ஃபார்வர்டர்கள் விடுமுறையில் முறை வைத்து ஆள் போடுவார்கள், சிறியவர்கள் போடுவதில்லை. ஆகவே இதே கேள்வியைத் தூத்துக்குடியில் இருக்கும் அவர்களுடைய ஏஜென்டிடமும் கேட்க வேண்டும்: விடுமுறையில் உங்களுக்கு ரிலீஸ் செய்தி அனுப்பப்போவது யார்? அந்த ஏஜென்டுக்கு நிங்போவில் யார் விழித்திருக்கிறார்கள் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அனுபவசாலிகள் இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள்: லீவில் ரிலீஸே தேவைப்படாதபடி செய்துவிடுவது. பி.எல். நகல் ஜனவரி 30-இல் வந்ததென்றால் பணத்தைப் பிப்ரவரி 2 அன்றே அனுப்பிவிட்டு, ஜென்னி கிளம்புவதற்கு முன் ரிலீஸை வாங்கிவிடலாம். நம் கதையில் பணம் ஒரு வாரம் தாமதமாகப் போனது திருப்பூர் அலுவலகத்தின் பண ஓட்டத்தால். பலருடைய கதையும் அதுதான். நீண்ட நாள் பழக்கம் என்றால் பி.எல்.லுக்குப் பதிலாக சீ வேபில் போடச் சொல்லலாம். அதில் அசல் சீட்டு என்ற பேச்சே இல்லை. பெயர் போட்டிருக்கும் வாங்குபவர் தன் அடையாளத்தைக் காட்டிச் சரக்கை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சப்ளையருக்கு அதில் பிடி எதுவும் இருக்காது. முழுப் பணமும் முன்னாலேயே வந்தால்தான் ஒப்புக்கொள்வார். எழுபது சதவீதத்தைக் கையில் பிடித்துவைத்திருப்பது வாங்குபவரின் பாதுகாப்பு, பி.எல்.லைப் பிடித்துவைத்திருப்பது விற்பவரின் பாதுகாப்பு. இரண்டில் ஒன்றை யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுக்க முடியாதவர்களுக்குத்தான் மாற்று ஆளின் பெயர் இவ்வளவு அவசியமாகிறது.

விடுமுறை முடிந்ததும் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கும். இடையில் மாற்று ஆள் ஏதாவது திருத்தம் செய்திருப்பார்: இன்வாய்ஸில் ஒரு வரி, அடுத்த சரக்கின் தேதி. ஜென்னி பழைய காகிதத்தை வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தால் இரண்டு இன்வாய்ஸ்கள் சுற்றத் தொடங்கும். அதனால் அவர் திரும்பிய அன்று, லீவில் நடந்தவற்றை நான்கு வரியில் எழுதி இருவருக்கும் சேர்த்து ஒரு மெயில் அனுப்பிவிடலாம். மார்ச் இரண்டாவது வாரம் தாண்டியும் ஜென்னியிடமிருந்து பதில் இல்லையென்றால், அவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம். இத்தனை நாள் மாற்றாக இருந்தவர்தான் இனி நம் ஆள். அடுத்த புரோஃபார்மா இன்வாய்ஸுக்குப் பதில் எழுதும்போது, அவர் இல்லாத நாளில் யார் என்று அவரிடமும் கேட்க வேண்டியிருக்கும்.